பழைய ஃபோன் படத்தில் கட்டை வண்டி: கிரெய்ன் போட்டாச்சு, ப்ளர் போட்டாச்சு, இன்னும் ஸ்டிக்கர் மாதிரியே நிற்கிறது

பாலக்கோடு_பையன் | 2025 பிப்ரவரி 9, இரவு 11:20

தாத்தாவுக்கு அடுத்த மாதம் 80. விழாவுக்கு 6 அடி அகலத்தில் ஒரு ஃபிளெக்ஸ் வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு. ராயக்கோட்டை பக்கம் எங்கள் பழைய வீட்டின் முன்பக்கப் படம் ஒன்றுதான் இருக்கிறது. 2009-ல் மாமாவின் 2 மெகாபிக்சல் ஃபோனில் எடுத்தது, 1600×1200. வாசல், சுண்ணாம்பு அடித்த சுவர், வேலிக்கு நட்ட கருங்கல் கால்கள், ஓரத்தில் புளியமரம். படத்தில் இல்லாதது தாத்தாவின் கட்டை வண்டி. அதை அதற்கு முன்பே விற்றுவிட்டார்கள்.

பிளெண்டரில் வண்டியைச் செய்துவிட்டேன். குடம், ஆரக்கால், இரும்புப் பட்டை, கடையாணி எல்லாம் தாத்தா சொன்ன அளவுதான். வெயில் வரும் பக்கமும் நிழல் விழும் பக்கமும் படத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் படத்தில் வைத்தால் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிய லேபிள் மாதிரி இருக்கிறது. வண்டிக்கு மட்டும் ப்ளர் போட்டேன், நாய்ஸ் போட்டேன், கொஞ்சம் மஞ்சளாக்கினேன். ஒவ்வொன்றையும் கூட்டிப் பார்த்தேன், குறைத்தும் பார்த்தேன். மூன்று நாள் போய்விட்டது. எதை முதலில் சரிசெய்வது?

ராயக்கோட்டை_ரெண்டர் | பிப்ரவரி 9, இரவு 11:52

சுலபம். ரெண்டரில் Denoise-ஐ எடுத்துவிட்டு Samples-ஐ 40-க்குக் குறை. சைக்கிள்ஸ் தானே புள்ளி புள்ளியாகக் கொடுக்கும். தனியாக கிரெய்ன் எதற்கு?

பாலக்கோடு_பையன் | பிப்ரவரி 10, காலை 7:05

அண்ணா, போட்டுப் பார்த்தேன். வண்டிக்கு அடியில் இருட்டாக உள்ள இடத்தில் மட்டும் புள்ளி குமிகிறது. வெயில் படும் பலகை வழவழப்பாகவே இருக்கிறது. படத்தில் நேர் எதிர்: வெயில் விழும் சுவரில்தான் சொரசொரப்பு தெரிகிறது.

அரூர்_அம்மணி | பிப்ரவரி 10, காலை 9:30

எங்க மாமனார் படமும் இப்படித்தான், ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்துப் புள்ளி புள்ளியாகிவிட்டது. ஃபிரேமோடு ஒட்டிக்கொண்டதால் எடுக்கவும் பயமாக இருக்கிறது. புள்ளியை எடுக்க எந்த ஆப் நல்லது?

ஊத்தங்கரை_ஸ்டூடியோ | பிப்ரவரி 10, காலை 10:15

அம்மா, தம்பி புள்ளியைச் சேர்க்கப் பார்க்கிறார், நீங்கள் எடுக்கப் பார்க்கிறீர்கள். உங்களுடையது அச்சுப்படம். கண்ணாடியிலிருந்து பிரிக்காதீர்கள். அப்படியே கண்ணாடி மேலேயே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், மீதியை அப்புறம் பார்க்கலாம்.

தம்பி, நான் 20 வருஷமாக இறந்துபோன அப்பாவைக் குடும்பப் படத்தில் சேர்த்துக் கொடுக்கிறவன். ஒரே வழிதான். எல்லாவற்றையும் ஒட்டி முடித்துவிட்டு, மொத்தப் படத்துக்கும் மேலே ஒரு கிரெய்ன் போடு. எல்லாம் ஒன்றாகிவிடும். நிறத்துக்கு Color Picker-ஆல் சுவரைச் சொட்டு. வெள்ளைச் சுவர் எந்த நிறமாகத் தெரிகிறதோ அதுதான் படத்தின் சாயல்.

ஓசூர்_பஸ் | பிப்ரவரி 10, இரவு 9:48

பெங்களூரில் கம்பாசிட்டிங் வேலை. தினம் ஓசூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் நேரத்தில்தான் இதையெல்லாம் படிக்கிறேன், அதனால் துண்டு துண்டாக எழுதுவேன்.

முதலில் இரண்டு கேள்வி. அந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்ததா, இல்லை மெமரி கார்டிலிருந்து எடுத்ததா? பிளெண்டரில் View Transform என்ன வைத்திருக்கிறாய்?

ஸ்டூடியோ அண்ணன் சொன்னது பாதி சரி. மொத்தத்துக்கும் மேலே கிரெய்ன் போட்டால் வித்தியாசம் குறையும், ஆனால் போகாது. படத்தில் ஏற்கெனவே 5 அளவு கிரெய்ன் இருந்து, மேலே இன்னொரு 5 போட்டால் கூட்டல் 10 ஆகாது, 7 சொச்சம் ஆகும். வண்டியில் 5 மட்டும்தான் இருக்கும். தாம்பாளம் அளவு அச்சில் 7-க்கும் 5-க்கும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். 6 அடியில் 1600 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். வாசலில் நின்று சாப்பிடுகிறவன் கண்ணுக்குத் தெரியும்.

பாலக்கோடு_பையன் | பிப்ரவரி 10, இரவு 10:30

வாட்ஸ்அப் படம்தான். View Transform-ஐத் தொடவே இல்லை, AgX என்று இருக்கிறது. பிளெண்டர் 4.2.

ஓசூர்_பஸ் | பிப்ரவரி 11, காலை 7:20

4.0-க்குப் பிறகு அதுதான் வழக்கமாக வரும். AgX வெளிச்சத்தை மெதுவாக வெள்ளைக்குக் கொண்டுபோகும், நிறமும் பால் கலந்த மாதிரி ஆகும். 2009 ஃபோனுக்கு அந்த நாசூக்கு கிடையாது. வெளிச்சம் கூடினால் பட்டென்று 255-ல் முட்டி நின்றுவிடும். Standard-க்கு மாற்று, மாற்றிய பிறகு மறுபடி ரெண்டர் எடு. இதை மாற்றாமல் நிறம் சரிசெய்ய உட்கார்ந்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான்.

மூலப்படத்தைத் தேடு. வாட்ஸ்அப் ஒருமுறை மறுபடி அமுக்கும்போது கிரெய்னில் பாதியைத் தின்றுவிட்டுக் கட்டம் கட்டமாக விட்டுவிடும். அதைப் பார்த்து ஒப்பிட்டால் நீ ஃபோனை ஒப்பிடவில்லை, வாட்ஸ்அப்பை ஒப்பிடுகிறாய்.

இனி வரிசை. வெளிச்சம் ஃபோனுக்குள் எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகவே வண்டியும் போக வேண்டும். முதலில் லென்ஸ் மங்கலாக்குகிறது. பிறகு சென்சார் புள்ளி போடுகிறது. பிறகு ஃபோன் நிறத்தைச் சரிசெய்து, புள்ளியைத் துடைக்கப் பார்த்து, துடைத்ததில் மழுங்கிப்போனதை மறைக்க ஓரங்களைக் கூர்மையாக்குகிறது. கடைசியில் ஜேபெக். நீ நாய்ஸ் போட்டுவிட்டு அதன் மேல் ப்ளர் போட்டிருந்தால் நாய்ஸும் சேர்ந்து கரைந்திருக்கும். ப்ளருக்குப் பிறகு வெறும் நாய்ஸ் போட்டிருந்தால் மணல் தூவிய மாதிரி இருக்கும். எதைச் செய்தாய்?

பாலக்கோடு_பையன் | பிப்ரவரி 11, காலை 7:41

இரண்டையும் செய்தேன், இரண்டு நாளில்.

பாலக்கோடு_பையன் | பிப்ரவரி 13, இரவு 10:10

மாமா வீட்டு பீரோவில், செருப்புக்கடைப் பை ஒன்றுக்குள், பழைய ஃபோன் கிடைத்தது. சார்ஜ் ஏறவில்லை. கார்டு மட்டும் உயிரோடு இருக்கிறது. மூலப்படம் அதில் இருந்தது!

இரண்டையும் 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்தேன். வாட்ஸ்அப் படத்தில் சுவர் மெழுகியது போல இருக்கிறது. மூலத்தில் அதே சுவரில் சிறு சிறு சிவப்பும் பச்சையுமாகத் திட்டுகள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பிக்சல் அளவு. நான் போட்ட நாய்ஸில் ஒவ்வொரு பிக்சலும் தனித்தனியாகத் துள்ளுகிறது. இத்தனை நாளும் ஒட்டாததற்கு இதுதான் காரணமோ?

ஓசூர்_பஸ் | பிப்ரவரி 14, காலை 7:30

அதுதான் முக்கால்வாசிக் காரணம். கிரெய்னுக்கு வலிமை மட்டுமல்ல, பருமனும் உண்டு. இரண்டையும் அளக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது, கண்ணை நம்ப வேண்டியதில்லை.

கிம்ப் வைத்திருக்கிறாய் அல்லவா? சுவரில் விரிசல், கறை எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து 40×40 பிக்சல் வெட்டு. Histogram திறந்து Red-ல் Std Dev என்ன என்று குறித்துக்கொள். பிறகு அந்தத் துண்டை நேர் பாதியாகச் சுருக்கி மறுபடி பார். தனித்தனிப் புள்ளியாக இருந்தால் நான்கு புள்ளி சேர்ந்து ஒன்றாகும்போது எண்ணும் பாதியாகிவிடும். திட்டுத்திட்டாக இருந்தால் அவ்வளவு குறையாது. எவ்வளவு குறையவில்லையோ அவ்வளவு பருமன். உன் வண்டிப் பலகையிலும் இதையே செய்து பார்.

பாலக்கோடு_பையன் | பிப்ரவரி 14, இரவு 9:15

மூலப்படத்தின் சுவர், சிவப்பு: 4.1. பாதியாக்கிய பிறகு 3.3.

நான் நாய்ஸ் போட்ட வண்டிப் பலகை: 4.1. பாதியாக்கிய பிறகு 2.0.

வலிமை அச்சாக ஒன்றுதான். நான் கண்ணால் பார்த்து வைத்தது அவ்வளவு துல்லியம் என்று கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது, அதில் பிரயோஜனம் இல்லை என்பது வேறு விஷயம்.

ஊத்தங்கரை_ஸ்டூடியோ | பிப்ரவரி 14, இரவு 9:40

அட. இத்தனை வருஷம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துத்தான் செய்தேன். சுவரிலிருந்தே கிரெய்னை உரித்து எடுத்து வண்டி மேல் போர்த்தினால் என்ன? Grain extract என்று ஒரு லேயர் மோட் இருக்கிறதே.

பாலக்கோடு_பையன் | பிப்ரவரி 15, மாலை 6:20

ஸ்டூடியோ அண்ணா சொன்ன மாதிரி செய்தேன். சுவரின் பிரதி ஒன்றை நன்றாக ப்ளர் செய்து, மேலே Grain extract மோடில் வைத்தால், சாம்பல் நிறத்தில் கிரெய்ன் மட்டும் நின்றது. அசல் ஃபோனின் கிரெய்ன்! அதை Grain merge-ல் வண்டி மேல் போட்டேன். ஒரு நிமிடம் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அப்புறம் விலகி நின்று பார்த்தேன். சுவரில் நல்ல இடம் 120 பிக்சல்தான் கிடைத்தது, வண்டி 700 பிக்சல். அதையே ஆறு முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில் பாய் பின்னல் மாதிரி வரிசை தெரிகிறது. போதாக்குறைக்குச் சுண்ணாம்பு மட்டையின் கோடுகளும் உரிந்து வந்து வண்டிப் பலகையில் படிந்துவிட்டன.

ஓசூர்_பஸ் | பிப்ரவரி 16, காலை 11:00

ஞாயிற்றுக்கிழமை, பஸ் இல்லை, முழுசாக எழுதுகிறேன்.

உரித்து எடுப்பது தப்பில்லை. வெறும் வானமோ பெரிய சுவரோ இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். உன்னிடம் இடம் இல்லை, அதனால் செய்துகொள்ள வேண்டியதுதான். 128 சாம்பலில் ஒரு லேயர் போடு. RGB Noise-ல் Independent RGB-ஐ வைத்து மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகப் புள்ளி போடு. அதன் மேல் Gaussian Blur, Size 1 வைத்துப் பார். பிறகு Grain merge.

ஒரு எச்சரிக்கை: புள்ளியை ப்ளர் செய்தால் அதன் வலிமை தடாலென்று விழும். Size 1-க்குக் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு ஆகிவிடும். அதனால் ஆரம்பத்தில் பயங்கரமாகப் போட வேண்டியிருக்கும். பயப்படாதே, Std Dev-ஐப் பார்த்துக்கொண்டே கூட்டு. சுவரின் இரண்டு எண்ணும் வர வேண்டும், முழு அளவிலும் பாதி அளவிலும்.

பாலக்கோடு_பையன் | பிப்ரவரி 16, இரவு 8:35

Size 1 வைத்தால் 4.1 பாதியில் 3.6 ஆகிறது. திட்டு பெரிதாகிவிட்டது, அம்மை போட்ட மாதிரி. 0.7 வைத்தேன்: 4.1, பாதியில் 3.3. அடித்துப் பிடித்து வந்துவிட்டது. இதற்கு ஆரம்ப நாய்ஸ் 10-க்குப் பக்கத்தில் தேவைப்பட்டது. பச்சையில் சுவர் 2.6தான் காட்டியது, நீலத்தில் 5.0. அதையும் தனித்தனியாக வைத்தேன்.

வெயில் படும் பலகை இப்போது சுவரோடு ஒரே துணியாகத் தெரிகிறது. புளிய நிழலில் இருக்கும் பின்சக்கரப் பக்கம் மட்டும் ஏதோ அழுக்காக இருக்கிறது.

ஓசூர்_பஸ் | பிப்ரவரி 17, காலை 7:15

என் தப்பு. சுவரில் மட்டும் அளக்கச் சொன்னேன், சுவர் பளிச்சென்ற இடம். நிழலில் ஃபோனின் துடைப்பான் பலமாக வேலை செய்திருக்கும். அங்கே பொடிப்புள்ளி குறைவாக, நிறத்திட்டு மட்டும் அகலமாக இருக்கும். திண்ணைக்கு அடியில் ஒரு துண்டு வெட்டி அளந்து, நிழல் பகுதிக்குத் தனி லேயர் போடு. வானம் வெந்து வெளுத்த இடத்தில் Std Dev சுழியமாக இருக்கும், கவனித்தாயா? அதனால் வண்டியிலும் பளிச்சென்று வெளுத்த இடத்தில் கிரெய்ன் கூடாது.

ராயக்கோட்டை_ரெண்டர் | பிப்ரவரி 17, காலை 10:02

வண்டி விலையைவிட நாய்ஸ் விலை கூடப்போய்விட்டது.

பாலக்கோடு_பையன் | பிப்ரவரி 18, இரவு 10:50

கிரெய்ன் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். நிறம். ஸ்டூடியோ அண்ணா சொன்னபடி சுவரைச் சொட்டிப் பார்த்ததில் நிழலில் படம் பயங்கர நீலம் என்று வந்தது. அதன்படி வண்டியை நீலமாக்கினால் தேக்குப்பலகை சிலேட்டுப் பலகை ஆகிவிட்டது.

அம்மாவிடம் காட்டினேன். பார்த்தவுடன் சொன்னார்: "சுண்ணாம்புல நீலம் கலந்துதானேடா அடிப்போம். வெறும் சுண்ணாம்பு அடிச்சா மஞ்சளடிக்கும்."

அப்படியானால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவின் வேட்டி? அதிலும் சொட்டு நீலம். நம் ஊர் வீட்டில் வெள்ளை என்று ஒன்று கிடையவே கிடையாது போலிருக்கிறது.

ஊத்தங்கரை_ஸ்டூடியோ | பிப்ரவரி 18, இரவு 11:05

அம்மாவுக்கு ஒரு கும்பிடு. 20 வருஷத்தில் எத்தனை பேர் முகத்தை நீலமாக்கினேனோ.

ஓசூர்_பஸ் | பிப்ரவரி 19, காலை 7:25

வெள்ளையை விடு. கருங்கல் காலைப் பார். கிருஷ்ணகிரி பக்கம் பல நிறத்தில் கல் வெட்டுகிறார்கள், ஆனால் வேலிக்கு நடுவது பெரும்பாலும் சாதாரணச் சாம்பல் கல்தான். அந்தக் கல் இன்னும் அங்கே நிற்கிறதென்றால் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வா.

பிளெண்டரில் அதே இடத்தில், அதே அளவில் ஒரு கல் கால் நடு, நடுத்தரச் சாம்பல் நிறத்தில். உன் வண்டிக்குப் போட்ட அதே வெயில் அதன் மேல் விழட்டும். பிறகு படத்துக் கல்லையும் ரெண்டர் கல்லையும் இரண்டு இடத்தில் ஒப்பிடு: வெயில் படும் முகம், நிழல் முகம். ஓர் இடம் மட்டும் போதாது. நிழலில் சாயல் வேறு, வெயிலில் சாயல் வேறு. ஒரே மஞ்சளை மேலே பூசியதால்தான் உனக்கு மூன்று நாள் போனது.

பாலக்கோடு_பையன் | பிப்ரவரி 22, இரவு 9:00

போய்ப் பார்த்தேன். கல் நிற்கிறது. அடியில் ஓர் அடி உயரத்துக்கு மழையில் தெறித்த செம்மண் ஏறியிருக்கிறது, அதற்கு மேலே நல்ல சாம்பல். படத்திலும் மேல்பாதியில் மட்டும் சொட்டினேன், ஒரே பிக்சல் அல்ல, சிறு சதுரத்தின் சராசரி. சிவப்பு, பச்சை, நீலம் வரிசையில்:

```
              வெயில் முகம்     நிழல் முகம்
படம்          196 184 172      70 76 84
ரெண்டர்       190 188 182      52 56 64
```

வெயிலில் படம் கொஞ்சம் சிவப்பு, நீலம் குறைவு. நிழலில் மூன்றுமே ரெண்டரைவிட 18, 20 கூடுதல். அதாவது என் ரெண்டரின் இருட்டு அதிக இருட்டு. இதை நான் கவனிக்கவே இல்லை, நிறம் நிறம் என்று நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓசூர்_பஸ் | பிப்ரவரி 24, காலை 7:35

அருமையான கல். பழைய லென்ஸில் தூசி, விரல் ரேகை, எதிரே வெளுத்த வானம். வெளிச்சம் உள்ளே சிதறி இருட்டின் மேல் மெல்லியதாக ஒரு படலம் போட்டுவிடும். அதுதான் உன் 18, 20.

ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகக் கணக்குப் போடு. சிவப்பில் படத்தின் வெயிலுக்கும் நிழலுக்கும் இடைவெளி 126, ரெண்டரில் 138. வகுத்தால் 0.913. அதால் ரெண்டர் நிழலைப் பெருக்கினால் 47.5, படத்தில் 70, ஆக 22.5 கூட்ட வேண்டும். கிம்பில் Levels-ல் சிவப்புக்கு Output Levels 23-லிருந்து 255. மற்ற இரண்டையும் நீ போடு. போட்டபின் ஒரு சோதனை: வாசலுக்குள் தெரியும் இருட்டைச் சொட்டி, உன் கணக்கில் கறுப்பு எங்கே வந்து நிற்கிறதோ அதோடு ஒப்பிட்டுப் பார்.

பாலக்கோடு_பையன் | பிப்ரவரி 24, இரவு 10:20

பச்சை 30-லிருந்து 239. நீலம் 36-லிருந்து 226. அதாவது ரெண்டரின் சுத்தக் கறுப்பு 23, 30, 36 ஆகிறது.

வாசலுக்குள் இருட்டு: 25, 31, 36.

கல்லை வைத்துப் போட்ட கணக்கு வாசலுக்குள் போய்ச் சரியாக உட்கார்ந்ததைப் பார்த்து, நள்ளிரவில் தனியாகக் கைதட்டினேன். பெரியப்பா எழுந்து என்னவென்று கேட்டார்.

ராயக்கோட்டை_ரெண்டர் | பிப்ரவரி 25, காலை 9:10

இதெல்லாம் லீனியரில் செய்ய வேண்டிய கணக்கு. 255 எண்ணில் நேராகக் கூட்டிப் பெருக்குவது தப்பு. சிதறும் வெளிச்சம் வெளிச்சத்தோடு கூடுகிறது, ஜேபெக் எண்ணோடு அல்ல.

ஓசூர்_பஸ் | பிப்ரவரி 25, இரவு 9:30

கொள்கையளவில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் அந்த ஃபோன் லீனியரிலிருந்து ஜேபெக்குக்கு என்ன வளைவு போட்டது என்று நமக்குத் தெரியாது. தெரியாத வளைவைத் திருப்பிப் போட்டால் அது வேறொரு தப்பு. இரண்டு முனையைப் பிடித்துவிட்டு நடுவில் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். ஒத்துப்போகாவிட்டால் Curves-ல் நடுப்புள்ளியை இழுப்பேன். நீங்கள் லீனியரில் செய்து காட்டினால் பார்க்க ஆசைதான்.

ராயக்கோட்டை_ரெண்டர் | பிப்ரவரி 25, இரவு 9:44

ஞாயிறு செய்து போடுகிறேன்.

பாலக்கோடு_பையன் | மார்ச் 1, மாலை 5:15

புதுச் சிக்கல். சக்கரத்தின் இரும்புப் பட்டையில் வெயில் பளிச்சிடும் இடம் மஞ்சளாக இருக்கிறது. படத்தில் திண்ணை மேலுள்ள எவர்சில்வர் சொம்பின் பளிச்சு 255, 255, 255, சுத்த வெள்ளை. நீலத்தை 226-ல் நிறுத்தியதால்தான் என்று நானே கண்டுபிடித்தேன். Levels-ஐ விட்டுவிட்டு Curves-ல் அதே கோட்டைப் போட்டு, கல்லின் வெயில் எண்ணுக்கு மேலே மட்டும் மூன்று நிறத்தையும் 255-க்கு வளைத்துவிட்டேன். பட்டை இப்போது இரும்பாகத் தெரிகிறது.

பாலக்கோடு_பையன் | மார்ச் 2, இரவு 11:30

மங்கல். இதைக் கடைசியில் எழுதுகிறேன், செய்தது முதலில்.

கதவு நிலையின் இருண்ட ஓரம் சுவரைத் தொடும் இடத்தில், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போக 4 பிக்சல் எடுக்கிறது. ரெண்டரில் ஒன்று, ஒன்றரை. அதனால் Gaussian Blur 1.5 போதும் என்று ஓசூர் அக்கா தனியாகச் சொன்னார். ஆனால் உற்றுப் பார்த்தால் நிலையின் ஓரத்தை ஒட்டிச் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது, ஒரு பிக்சல் அகலம். ஃபோன் கூர்மையாக்கிய தடயம். அந்த 4 என்பது கூர்மையாக்கிய பிறகு வந்த 4. அதனால் 1.8 மங்கலாக்கி, கிரெய்னும் போட்டு, பிறகு Sharpen (Unsharp Mask) லேசாகப் போட்டு 4-க்குக் கொண்டுவந்தேன். வெள்ளைக் கோடும் தானாக வந்துவிட்டது. கூர்மையாக்கியதில் கிரெய்னின் வலிமை ஏறிவிட்டது, அதை மறுபடி அளந்து குறைத்தேன். இதற்கு ஒரு முழு மாலை.

இன்னொன்று. கொடியில் தொங்கும் சிவப்புத் துண்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். துண்டின் ஓரம் ஓரளவு தெளிவாக இருக்கிறது, ஆனால் சிவப்பு மட்டும் சுவருக்குள் இரண்டு மூன்று பிக்சல் வழிந்திருக்கிறது, ஈரத்துணி சாயம் விட்ட மாதிரி. என் வண்டிச் சக்கரத்தின் சிவப்புப் பூச்சு கோட்டுக்குள் கச்சிதமாக நிற்கிறது.

ஓசூர்_பஸ் | மார்ச் 3, காலை 7:20

ஜேபெக் வெளிச்சத்தை முழு அளவிலும் நிறத்தை அதற்குப் பாதி அகலம், பாதி உயரத்திலும் சேமிக்கும், பழைய ஃபோன்கள் பெரும்பாலும் அப்படித்தான். அதற்கு முன்பே ஃபோன் நிறத்தைத் தேய்த்தும் இருக்கும். வண்டி லேயரைப் பிரதி எடுத்து, Blur 3 போட்டு, மோடை LCh Color ஆக்கி மேலே வை. ஓரத்தில் வெட்டிவிடாதே, சிவப்பு சுவர் மேல் கசியட்டும். கசிவதுதான் வேண்டும்.

பாலக்கோடு_பையன் | மார்ச் 3, இரவு 9:55

ஆரக்கால் ஒவ்வொன்றும் 3 பிக்சல்தான். நிறம் கசிந்ததும் நடுவில் சிவப்புக் குறைந்து மரநிறமும் சுவர்நிறமும் கலந்து ஒரு மாதிரி ரோஸ் ஆகிவிட்டது. அப்புறம் கொடியிலிருந்த மெல்லிய சிவப்பு நாடாவைப் பார்த்தேன், அதுவும் அதே ரோஸ். வாயை மூடிக்கொண்டேன்.

ஊத்தங்கரை_ஸ்டூடியோ | மார்ச் 4, காலை 10:30

ஃபிளெக்ஸ் கடையில் கொடுக்கும்போது ஒன்று சொல்லிவிடு. அவர்களாகக் கூர்மையாக்கக் கூடாது, அவர்களாக வெளிச்சம் கூட்டக் கூடாது. பெரிதாக்குவதானால் வண்டி ஒட்டி முடித்த ஒரே படமாகப் பெரிதாக்கு. தனித்தனியாகப் பெரிதாக்கி ஒட்டினால் இத்தனை நாள் பாடும் வீண்.

பாலக்கோடு_பையன் | மார்ச் 8, இரவு 8:40

கடையில் சொன்னேன். தலையாட்டினார்கள். முதல் மாதிரியில் கூர்மையாக்கியே கொடுத்தார்கள். சுவர் முழுக்கக் கிரெய்ன் பொரிகடலை மாதிரி. ஒரு விஷயம் மட்டும் ஆறுதல்: வண்டியும் அதே அளவு பொரிந்திருந்தது. சுவரா வண்டியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதிரி சரியாக வந்தது.

தாத்தாவிடம் லேப்டாப்பில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"மாடு அவுத்த வண்டி எப்படிடா நேரா நிக்குது?"

ராயக்கோட்டை_ரெண்டர் | மார்ச் 8, இரவு 8:52

ஒரு மாதமாக ஐந்து பேர் பிக்சல் எண்ணியிருக்கிறோம். ஏர்க்கால் அந்தரத்தில் நிற்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

ஓசூர்_பஸ் | மார்ச் 8, இரவு 9:20

நான் பஸ்ஸில் பார்த்தேன், ஃபோன் திரை சின்னது. அதுதான் என் சமாதானம்.

பாலக்கோடு_பையன் | மார்ச் 10, இரவு 11:45

வண்டியை முன்பக்கம் சாய்த்து நுகத்தடியைத் தரையில் ஊன்றிவிட்டேன். ப்ளர், Curves, கிரெய்ன் எல்லாம் எண்களாக எழுதி வைத்திருந்ததால் மறுபடி போட ஒரு மணி நேரம்தான் ஆனது.

ஆனால் நுகத்தடியின் நிழல் இப்போது செம்மண் மேல் நீளமாக விழுகிறது. நிழலைப் படத்தின் மேல் Multiply-ல் போடுகிறேன். அப்படிப் போட்டால் அடியில் உள்ள மண்ணின் கிரெய்னும் சேர்ந்து மங்குகிறது. திண்ணைக்கு அடியிலுள்ள உண்மையான நிழலில் அவ்வளவு மங்கவில்லை. அளந்து பார்க்கலாமென்றால் செம்மண்ணே சரளையும் பொடியுமாக இருக்கிறது, எது மண், எது ஃபோன் என்று Std Dev-க்குத் தெரியவில்லை.

ஓசூர்_பஸ் | மார்ச் 11, காலை 7:30

நிழலுக்கு மேல் கொஞ்சம் நிறத்திட்டு மட்டும் போட்டுப் பார், பொடிப்புள்ளி வேண்டாம். எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது, மண்ணில் அளக்க எனக்கும் வழி தெரியவில்லை. 15-ஆம் தேதி விழாதானே, படத்தைக் கடைக்கு அனுப்பு.